ரிலீவிங் லெட்டரில் இருப்பதும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் இல்லாததும்

சென்னையில் ஒரு நடுத்தர அளவு மென்பொருள் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கான கடிதங்கள் எல்லாம் என் மேஜையிலிருந்துதான் போகும். கடைசி நாளில் கவரை வாங்கிக்கொண்டு, உள்ளே இரண்டு தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். இரண்டையும் படித்துப் பார்த்து, "இந்தத் தேதி சரியா?" என்று கேட்டவர்கள் அபூர்வம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது பிறகு போன் வரும்போது தெரியும்.

ரிலீவிங் லெட்டர் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறது: இவரை நாங்கள் விடுவித்துவிட்டோம். உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது, இன்ன தேதி அலுவலக நேரம் முடிந்ததும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள் என்று இருக்கும். சில நிறுவனங்கள் பாக்கி எதுவும் இல்லை என்றும் ஒரு வரி சேர்க்கும். உங்கள் திறமை, நீங்கள் செய்த வேலை, வாங்கிய சம்பளம் எதுவும் அதில் வராது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் பழைய சர்வீஸ் சர்டிபிகேட்டின் வாரிசு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பதவியில் இருந்தார், நடத்தை திருப்தி, வாழ்த்துகள். நம் ஊரில் பெரும்பாலும் அவ்வளவுதான். சில இடங்களில் இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் தப்பில்லை, இரண்டு செய்தியும் இருந்தால் போதும்.

புதிதாக வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு முதலில் வேண்டியது ரிலீவிங் லெட்டர். காரணம் எளிது. பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் முடியாமல் ஓடி வந்தவரா, இன்னும் அங்கே சம்பளப் பட்டியலில் இருக்கிறவரா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிற கதைகள் பெருகியதிலிருந்து இந்தத் தேதியை இன்னும் கறாராகப் பார்க்கிறார்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்கிற ஏஜென்சி உங்கள் கடிதத்தைத் தனியாகப் படிப்பதில்லை. நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவம், கடிதம், பழைய கம்பெனி எச்.ஆரின் பதில், பி.எஃப். கணக்கில் யு.ஏ.என்-இன் கீழ் வரும் சர்வீஸ் ஹிஸ்டரி ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைத்தான் ஒப்பிடுவார்கள்.

இங்கேதான் கார்த்தியின் கதை வருகிறது. பெயரை மாற்றியிருக்கிறேன். 2017 ஜூனில் எங்களிடம் டிரெய்னியாகச் சேர்ந்து, 2018 ஏப்ரலில் அசோசியேட் ஆகி, 2020 ஜூலையில் சீனியர் அசோசியேட் ஆனவன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை, 28-ஆம் தேதி, ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தான். ரிலீவிங் லெட்டரில் 25 என்று சரியாக இருந்தது. ஆனால் பி.எஃப். வேலையை வெளி ஆளிடம் கொடுத்திருந்தோம். அவர்களுக்கு யார் எந்தத் தேதியில் போனாலும் மாதக் கடைசியை வெளியேறிய தேதியாகப் போடுவது பழக்கம். அதனால் பி.எஃப். பதிவில் 28 ஏறிவிட்டது. புது இடத்தில் சேர்ந்த தேதியும் 28. ஒரே ஒரு நாள் இரண்டு பக்கமும் விழுந்தது. வெரிஃபிகேஷன் அறிக்கையில் அதைச் சிவப்புக் கட்டத்தில் காட்டி விளக்கம் கேட்டார்கள்.

ஒரு நாள் மோதலுக்கு யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஆனால் பயந்துபோனான். நாங்கள் செய்தது இரண்டு. முதலில், லெட்டர்ஹெட்டில் ஒரு சிறு உறுதிக் கடிதம்: கடைசி வேலை நாள் 25, சம்பளமும் அதுவரைதான் கணக்கிடப்பட்டது, பி.எஃப். பதிவில் உள்ள தேதி மாதக் கடைசியாகப் போடப்பட்டது. கூடவே பிப்ரவரி பேஸ்லிப். அதில் 25 நாள் சம்பளம் என்று இருந்ததுதான் உண்மையில் காரியம் செய்தது. அப்புறம், பி.எஃப். பதிவைத் திருத்தத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கிற கூட்டு உறுதிமொழி. அது ஆமை வேகத்தில் நகர்ந்தாலும் கடைசியில் திருந்தியது.

பழைய கம்பெனி பி.எஃப். பதிவில் வெளியேறிய தேதியைப் போடாமலே விட்டுவிடுவதும் உண்டு. அப்போது கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபிறகு, உறுப்பினர் தளத்தில் Manage பகுதிக்குள் Mark Exit என்ற இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். போடும்போது ரிலீவிங் லெட்டரை முன்னால் வைத்துக்கொண்டு போடுங்கள். ஞாபகத்தில் இருக்கிற தேதி வேண்டாம்.

ரிலீவிங் லெட்டரே கிடைக்காதவர்கள் நிலை என்ன என்று கேட்பார்கள். நோட்டீஸ் முடிக்காமல் போனவர்கள், பாண்ட் பணத் தகராறு, கம்பெனியே மூடிவிட்டது என்று பல காரணம். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக வந்த மின்னஞ்சல், ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் தாள், கடைசி மூன்று மாத பேஸ்லிப், அந்தச் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் இவை நான்கும் இருந்தால், புது இடத்து எச்.ஆர். பெரும்பாலும் பேசத் தயாராக இருப்பார். சேரும்போதே சொல்லிவிட்டால் என்பது முக்கியம். சொல்லாமல் சேர்ந்து, ஏஜென்சி மூலம் தெரிய வந்தால் அதே காகிதங்களுக்கு மதிப்புக் குறைந்துவிடும். நான் மேஜையின் அந்தப் பக்கம் இருந்தபோது அப்படித்தான் பார்த்தேன்.

சரி, விசா பக்கம் வருவோம். அங்கே கணக்கு தலைகீழ்.

கார்த்தி கனடாவுக்குக் குடியேற, புள்ளிக் கணக்கில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பதிந்திருந்தான். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்ததும் எனக்குப் போன். "அக்கா, என்கிட்ட ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெண்டும் இருக்கு. ஸ்கேன் பண்ணிப் போட்டா போதும்ல?" என்றான்.

"அந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை எடுத்து, நீ என்ன வேலை பார்த்தேன்னு எங்கயாவது இருக்கான்னு படி" என்றேன்.

படித்தான். சீனியர் அசோசியேட் என்ற பதவிப் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் கணக்கு எழுதினானா, கோடு எழுதினானா, டெஸ்டிங் செய்தானா என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது.

விசா அதிகாரிக்கு நீங்கள் பழைய இடத்திலிருந்து விடுதலை ஆனீர்களா என்பதில் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது, நீங்கள் உரிமை கொண்டாடும் தொழில் குறியீட்டில் உண்மையிலேயே வேலை பார்த்தீர்களா, எத்தனை நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளத்துக்கா என்பதுதான். கனடா குடியேற்றத் துறை கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். நேரடி மேலாளர் அல்லது எச்.ஆர். அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து. அந்த நிறுவனத்தில் வகித்த எல்லாப் பதவிகளும், தேதிகளோடு. செய்த வேலைகள், பொறுப்புகள். வார வேலை நேரம். வருடச் சம்பளமும் மற்றச் சலுகைகளும். இப்போது அங்கேயே வேலையில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நம் ஊர் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் இதில் பாதிகூடத் தேறாது. அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பத்தை முடிக்க 60 நாள்தான். கடிதத்துக்கு அலையத் தொடங்கினால் அந்த 60 நாள் போதவே போதாது.

எங்கள் நிறுவனத்திலும் வேலை விவரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. எழுதியதில் எதையாவது பிடித்துக்கொண்டு நாளை வழக்கு வரும் என்பது சட்டப் பிரிவின் பயம். நான் அவர்களிடம் சொன்னது, இது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டருக்குப் பதில் அல்ல, தனியாக ஒரு வேலை விவரக் கடிதம், அவனுடைய பழைய மேலாளர் மின்னஞ்சலில் உறுதி செய்த வரிகளை மட்டும் அடிப்போம் என்று. அந்த மின்னஞ்சல் கோப்பில் இருக்கும் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். எந்த நிறுவனத்திலும் இப்படிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். "விசாவுக்கு லெட்டர் வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால் பழைய டெம்ப்ளேட்டைத்தான் மறுபடி அடித்துக் கொடுப்பார்கள். வரைவை நீங்களே எழுதி, மேலாளரின் ஒப்புதலோடு எச்.ஆருக்கு அனுப்ப வேண்டும்.

கார்த்தி முதலில் அனுப்பிய வரைவைத் திருப்பி அனுப்பினேன். கனடாவின் தொழில் வகைப்பாட்டில் 22222 என்பது கணினி அமைப்புகளைச் சோதிக்கும் டெக்னீஷியன்களுக்கான குறியீடு. அதன் கீழ் இருக்கும் முக்கிய வேலைகளை அப்படியே வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தான். அதிகாரி அந்தப் பக்கத்தைத் தினமும் பார்க்கிறவர். காப்பி அடித்த கடிதம் அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் கடிதம் எழுதியவருக்கு இந்த ஆளைத் தெரியுமா என்ற சந்தேகம் வந்துவிடும்.

"நீ காலைல ஆபீஸ் வந்தா முதல்ல என்ன பண்ணுவ, அதை எழுது" என்றேன். அப்புறம் வந்த வரைவு வேறு மாதிரி இருந்தது. காப்பீட்டுப் பாலிசி புதுப்பிக்கும் ஒரு செயலியின் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும், பழைய வசதிகள் கெடவில்லையா என்று செலினியம் ஸ்கிரிப்ட்களை ஓட்டிச் சோதித்தது. கிடைத்த குறைகளை ஜிராவில் பதிந்து, சரிசெய்த பிறகு மறுபடி சோதித்து மூடியது. சோதனைக்கான சர்வரில் புதுப் பதிப்பை நிறுவி, தரவுத் தளத்தை அமைத்தது. வாடிக்கையாளர் கொடுத்த தேவைப் பட்டியலிலிருந்து சோதனைத் திட்டம் எழுதியது. இதில் அந்தக் குறியீட்டின் தலைப்பு வரியும் முக்கிய வேலைகளில் கணிசமான பகுதியும் தானாகவே அடங்கிவிட்டன. வார்த்தைகள் மட்டும் அவனுடையவை. அதிகாரி பார்ப்பதும் இதைத்தான். தலைப்பு வரி சொல்லும் வேலையைச் செய்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ளவற்றில் கணிசமானவை இருக்க வேண்டும். அத்தனையும் இருக்க வேண்டியதில்லை.

பதவிகளை மூன்றாகப் பிரித்தோம். டிரெய்னியாக இருந்த மாதங்களில் பெரும்பகுதி வகுப்பறைப் பயிற்சி. அதை அப்படியே எழுதினோம், டெஸ்டிங் வேலையாகக் காட்டவில்லை. அனுபவமாக அவன் கணக்குக் காட்டியது 2018 ஏப்ரலிலிருந்து. பத்து மாதம் குறைகிறதே என்று வருத்தப்பட்டான். ஆனால் வேலை விவரம் பொருந்தாத மாதங்களைச் சேர்த்தால், மற்ற மாதங்களையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

வேலை நேரத்தில் ஒரு சின்னச் சிக்கல். அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி, அதில் ஒரு மணி நேரம் சாப்பாடு, தேநீர். 45 என்று எழுதச் சொன்னான். 40 என்றுதான் எழுதினோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வாரம் 30 மணி நேரம் இருந்தாலே முழு நேர வேலை. அதற்கு மேல் எத்தனை மணி போட்டாலும் கூடுதல் புள்ளி கிடையாது. பிறகு எதற்கு ஊதிக் காட்ட வேண்டும்?

சம்பளத்திலும் அதே கதைதான். அவனுக்குத் தெரிந்தது சி.டி.சி. மட்டும், 9 லட்சத்து 60 ஆயிரம். அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அடக்கம். பேஸ்லிப்பையும் ஃபார்ம் 16-ஐயும் கூடவே வைக்கும்போது அந்தத் தொகை எங்கேயும் வராது. அதனால் கடைசியாக வாங்கிய மொத்தச் சம்பளம் வருடத்துக்கு 8 லட்சத்து 70 ஆயிரம் என்று ஒரு வரி, சலுகைகள் என்று பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு ஆகியவற்றுக்கு அடுத்த வரி. இப்போது கடிதமும் பேஸ்லிப்பும் ஒன்றையே சொல்லின.

எங்கள் கடிதம் முடிந்தது. அவனுடைய இரண்டாவது நிறுவனம், அதாவது அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரிய இடம், கையை விரித்துவிட்டது. பெயர், சேர்ந்த தேதி, பதவி, இப்போதும் பணியில் இருக்கிறார் என்ற நான்கு வரிக்கு மேல் தர முடியாது என்று மின்னஞ்சல் வந்தது. பெரிய நிறுவனங்களில் இது சகஜம். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கணினியே அடித்துத் தருகிற கடிதம், அதில் ஒரு வரியைச் சேர்க்க அங்கே இருக்கிற எச்.ஆருக்கே அதிகாரம் இருக்காது.

அந்த மறுப்பு மின்னஞ்சலைத் தூக்கி எறிய வேண்டாம் என்றேன். அதுதான் அடுத்துச் செய்யப் போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவனுடைய டீம் லீட், வெள்ளைத் தாளில் வேலை விவரம் எழுதி, தன் பெயர், பதவி, தொடர்பு எண், எந்தத் தேதியிலிருந்து கார்த்தி தனக்குக் கீழே வேலை பார்க்கிறான் என்று சொல்லி, நோட்டரி முன்னால் உறுதிமொழியாகக் கையெழுத்துப் போட்டார். தான் அங்கே வேலை பார்ப்பதற்குச் சான்றாகத் தன் அடையாள அட்டை நகலையும் இணைத்தார். அதோடு நான்கு வரிக் கடிதம், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், பேஸ்லிப்கள், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பக்க விளக்கக் கடிதம்: நிறுவனம் ஏன் தரவில்லை, எந்தத் தாள் எதை நிரூபிக்கிறது என்று. வேலை நேரத்துக்கு நியமனக் கடிதம், சம்பளத்துக்கு பேஸ்லிப், வேலை விவரத்துக்கு உறுதிமொழி.

இது முழுக் கடிதத்துக்குச் சமம் ஆகாது. எவ்வளவு எடை கொடுப்பது என்பது அதிகாரி கையில். அவனுக்கு ஏற்றுக்கொண்டார்கள். முழுப் புள்ளியும் ஒரே ஒரு உறுதிமொழியை நம்பி இருக்கிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு வழக்கிலும் இதே அமைப்புதான். பழைய முதலாளியின் கடிதத்தில் எழுதியவரின் பெயர், முகவரி, பதவி, செய்த வேலையின் குறிப்பான விவரம் இருக்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் வேறு ஆவணங்களைப் பார்ப்போம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கணினித் துறைத் தகுதியை மதிப்பிடும் ஏ.சி.எஸ். அமைப்பும் உடன் வேலை பார்த்தவரின் உறுதிமொழியைத் துணை ஆவணங்களோடு சேர்த்துத்தான் பார்க்கும்.

வெள்ளைத் தாளில் ஏன், மேலாளரே லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று கார்த்தி கேட்டான். அந்த டீம் லீடும் தயாராகத்தான் இருந்தாராம். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். விசா அலுவலகத்திலிருந்து சரிபார்க்கும் மின்னஞ்சல்கள் எங்களுக்கு வரும். கடிதத்தின் நகலை இணைத்து, இது நீங்கள் கொடுத்ததா என்று இரண்டு வரியில் கேட்பார்கள். எச்.ஆர். என்ன செய்யும்? தன் பதிவேட்டில் தேடும். அதில் இல்லாத கடிதம் என்றால் "எங்களால் வழங்கப்படவில்லை" என்று பதில் போகும். மேலாளர் நல்ல மனதோடு எழுதினார், ஒவ்வொரு வரியும் உண்மை என்பதெல்லாம் அந்தப் பதிலில் வராது. அதிகாரியின் கண்ணில் அது போலிக் கடிதம். தவறான தகவல் தந்ததாக முடிவானால் கனடாவில் ஐந்து வருடத் தடை. வெள்ளைத் தாளில் தன் சொந்தப் பொறுப்பில் எழுதிய உறுதிமொழிக்கு அந்த ஆபத்து இல்லை. அது நிறுவனத்தின் பெயரில் பேசவே இல்லை.

இதே காரணத்துக்காகக் கடிதத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் சொந்த முகவரியாக இருக்க வேண்டும், அதைத் திறந்து பார்க்கிற ஆளும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் நாளை வேலையை விட்டுப் போய்விடலாம். அதனால் அவருடைய முகவரியோடு பிரிவின் பொது முகவரியையும் போடச் சொல்வேன்.

வேலை விவரக் கடிதத்தைக் கேட்க வசதியான நேரம் நோட்டீஸ் பீரியட்தான், விசா எண்ணம் அப்போது இல்லாவிட்டாலும். மேலாளர் இன்னும் அங்கேயே இருப்பார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும், உங்கள் அலுவலக மின்னஞ்சலும் உயிரோடு இருக்கும். கார்த்தியின் மேலாளர் அவன் கேட்டபோது எங்களிடமே வேறு பிரிவில் இருந்தார், அதனால் ஒரே மின்னஞ்சலில் வேலை முடிந்தது. அவர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தால், அவனுடைய வேலை விவரத்தை உறுதி செய்ய எங்கள் நிறுவனத்தில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.